எண்பதும் எண்பதும் சேர்ந்தால் எண்பத்தொன்பது

பால் பண்ணையின் தொட்டியில் பச்சைப் பால் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் காத்திருக்கிறது. அதை 72 டிகிரிக்குச் சூடாக்கி, 15 நொடி அதே சூட்டில் வைத்து, மறுபடி 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். சூடாக்கப் பாய்லர், குளிர்விக்கச் சில்லர் என்று இரண்டையும் முழுமூச்சாக ஓட்டினால் எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. அதனால் சூடாகித் திரும்பும் பாலைக் கொண்டே உள்ளே வரும் குளிர்ந்த பாலைச் சூடாக்குகிறார்கள். மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி, ஒரு சந்தில் சூடான பாலும் அடுத்த சந்தில் குளிர்ந்த பாலும் எதிரெதிர்த் திசையில் ஓடும்படி செய்த கருவிதான் தட்டு வெப்பப் பரிமாற்றி. ரிச்சர்ட் செலிக்மன் 1923-இல் இங்கிலாந்தில் இதை உருவாக்கியதே பால் பதப்படுத்தத்தான்.

இந்தக் கருவி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். குளிர்ந்த பாலுக்கும் சூடான பாலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 68 டிகிரி. அதில் எத்தனை பங்கைக் குளிர்ந்த பால் பெற்றுக்கொண்டது என்பதே பரிமாற்றியின் திறன். 80 சதவீதத் திறன் என்றால், 68-இல் 80 சதவீதமான 54.4 டிகிரி ஏறி, பால் 58.4 டிகிரியில் வெளியே வரும். மீதி 13.6 டிகிரியைப் பாய்லர் தர வேண்டும். மணிக்கு 10,000 லிட்டர் ஓடும் பண்ணையில் பாலை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 11 கிலோவாட் தேவை. ஆக, பாய்லர் பக்கச் சுமை 152 கிலோவாட்.

இப்போது ஒரு பண்ணை இதே அளவில் இன்னொரு பரிமாற்றியை வாங்கித் தொடராக இணைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஓடுவது அதே இரண்டு பால்தான். இரண்டும் சேர்ந்து எத்தனை சதவீதம் மீட்கும்?

பலருக்கும் சட்டென்று தோன்றும் கணக்கு இது: முதல் கருவி 80 சதவீதத்தை எடுத்துவிட்டது, மீதி 20. இரண்டாவது அந்த 20-இல் 80 சதவீதத்தை, அதாவது 16-ஐ எடுக்கும். மொத்தம் 96. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாலுக்கு அது பொருந்தாது. உண்மையான விடை 88.9 சதவீதம்.

ஏன் என்று பார்க்க, குழாய்களின் வழியே நடந்து போகலாம். குளிர்ந்த பால் முதலில் நுழையும் கருவியை 'அ' என்போம், அடுத்தது 'ஆ'. சூடான பால் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதால் அது முதலில் 'ஆ'வுக்குள் நுழைந்து, சூடு தணிந்த பிறகே 'அ'வுக்கு வருகிறது. 'அ'வுக்கு வந்து சேரும் சூடான பால் 72 டிகிரியில் இல்லை, 41.8 டிகிரியில்தான் இருக்கிறது. எனவே 'அ'வின் கையில் இருக்கும் வித்தியாசம் 68 அல்ல, 37.8. அதில் 80 சதவீதத்தை, 30.2 டிகிரியை, அது சரியாக எடுத்துக்கொடுக்கிறது. பால் 34.2 டிகிரியில் 'ஆ'வுக்குப் போகிறது. அங்கே எதிரில் இருப்பது 72 டிகிரிப் பால். வித்தியாசம் மறுபடியும் 37.8, மறுபடியும் 30.2 டிகிரி ஏற்றம். கடைசியில் பால் 64.4 டிகிரியில் வெளியே வருகிறது. இரண்டு கருவிகளும் வாக்களித்த 80 சதவீதத்தைச் செய்துவிட்டன. ஆனால் ஒன்றின் வேலை மற்றொன்றின் வித்தியாசத்தைக் குறைத்துவிட்டது.

இதையே தகட்டின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். வெப்பம் தகட்டைக் கடப்பது இருபுறமும் உள்ள சூட்டு வித்தியாசத்தால்தான். ஒரே கருவி இருந்தபோது தகட்டின் நெடுகிலும் அந்த வித்தியாசம் 13.6 டிகிரி. இரண்டாக்கியதும் அது 7.6 டிகிரியாகச் சரிகிறது. தகட்டின் பரப்பு இரட்டித்தது. வெப்பத்தைத் தள்ளும் விசை கிட்டத்தட்டப் பாதியானது. அதனால் மொத்த மீட்பு 11 சதவீதம் மட்டுமே கூடுகிறது.

கணக்கிட எளிய வழி உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் பெற்ற பங்கை விட்ட பங்கால் வகுங்கள். 80-ஐப் பெற்று 20-ஐ விட்டது என்றால் 4. இந்த எண்களைத்தான் கூட்ட வேண்டும், சதவீதங்களை அல்ல. நான்கும் நான்கும் எட்டு. எட்டை ஒன்பதால் வகுத்தால் 88.9 சதவீதம். மூன்றாவது கருவியும் வந்தால் 12-ஐ 13-ஆல் வகுக்க வேண்டும், 92.3 சதவீதம். கருவிக்கு ஒரே விலைதான். அது தரும் கூடுதல் மட்டும் ஒவ்வொரு முறையும் சுருங்கிக்கொண்டே போகிறது.

அப்படியானால் 96 என்ற கணக்கு முழுப் பிழையா? இல்லை, அதற்குரிய இடம் வேறு. ஒரு பக்கம் நீராவி குளிர்ந்து நீராகும் கண்டென்சரில், நீராவியின் சூடு வழிநெடுக மாறுவதில்லை. முதல் கருவி எவ்வளவு எடுத்தாலும் இரண்டாவதுக்கு வரும் நீராவி அதே சூட்டில் இருக்கும். அங்கே 80-உம் 80-உம் சேர்ந்து 96 ஆவது சரி. பாலில் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஓட்டம் என்பதால் நாம் அடுத்த கோடியில் நிற்கிறோம். மற்றவை இரண்டுக்கும் நடுவில் வரும். ஒரு பக்கத்தின் வெப்பக் கொள்ளளவு மறுபக்கத்தில் பாதி என்றால் 94 சதவீதம் கிடைக்கும். ஆகவே திறனை மட்டும் கேட்டு விடை சொல்ல முடியாது. இரண்டு பக்க ஓட்டங்களின் விகிதத்தையும் கேட்க வேண்டும்.

பண்ணையில் இந்தப் பிழையின் விளைவு என்ன? 96 சதவீதத்தை நம்பிய ஒருவர், பாய்லர் பக்கம் இனி 2.7 டிகிரி ஏற்றினால் போதும் என்று 30 கிலோவாட் ஹீட்டரை வைப்பார். உண்மையில் தேவை 7.6 டிகிரி, 84 கிலோவாட். பால் 72 டிகிரியை எட்டாது. எட்டாத பாலை டைவர்ஷன் வால்வு தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பும். ஒரு லிட்டர்கூடப் பாக்கெட்டுக்குப் போகாது. சரியாகக் கணக்கிட்டவருக்கோ இலாபம் திட்டமாகத் தெரியும்: 152 கிலோவாட் சுமை 84 ஆகிறது, மிச்சம் ஏறக்குறைய 67. சூடான பாலும் அதே 6 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்து வெளியேறுவதால் சில்லர் பக்கமும் அதே 67 கிலோவாட் குளிர்விப்புச் சுமை குறைகிறது. வாங்கலாமா என்று முடிவு செய்ய இந்த இரண்டு எண்களும் போதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து குழாய் இணைப்பில் இருக்கிறது. சூடான பாலை முதலில் 'ஆ'வுக்கு அனுப்ப வேண்டும் என்றேன். இடவசதிக்காக யாராவது அதையும் குளிர்ந்த பாலோடு சேர்த்து 'அ'விலேயே நுழைத்து, இரண்டையும் அங்கிருந்து 'ஆ'வுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? 'அ'வில் எல்லாம் நன்றாகவே நடக்கும். குளிர்ந்த பால் 58.4 டிகிரிக்கு ஏறும், சூடான பால் 17.6 டிகிரிக்கு இறங்கும். இந்த இரண்டும் இப்போது 'ஆ'வுக்குள் போகின்றன. அங்கே சூடாக இருப்பது பச்சைப் பால். குளிர்ந்திருப்பது பதப்படுத்திய பால். வெப்பம் திரும்பி ஓடுகிறது. வித்தியாசமான 40.8 டிகிரியில் 80 சதவீதம் கைமாறி, பச்சைப் பால் 25.8 டிகிரிக்கு விழுகிறது. மொத்தத் திறன் 32 சதவீதம். ஒரே கருவியோடு 80 சதவீதம் மீட்ட பண்ணை, இரண்டாவதற்கும் பணம் கொடுத்து அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கருவிகளில் ஒரு குறையும் இல்லை; தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் 80 சதவீதம் என்றே காட்டும். இணைத்த வரிசை மட்டும்தான் தவறு. குளிர்ந்த பால் கடைசியாகச் சந்திப்பது மிகச் சூடான பாலாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் இந்த நிலை வராது.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் கவனிக்க ஒன்று இருக்கிறது. பாலிலுள்ள மோர்ப் புரதம் சூட்டில் உருக்குலைந்து தகடுகளில் படியும். இது சூடு அதிகமுள்ள முனையில் தொடங்கும். நம் வரிசையில் அது 'ஆ'. படிவத்தால் 'ஆ'வின் திறன் 80-இலிருந்து 70-க்கு இறங்கியது என்று கொள்வோம். பெற்றதை விட்டதால் வகுத்தால் 2.33. அதனோடு 4-ஐக் கூட்டி விடை கண்டால் மொத்தத் திறன் 86.4 சதவீதம். ஒரு கருவி 10 புள்ளி இழந்தும் மொத்தம் இரண்டரைப் புள்ளிதான் குறைந்தது. வெளியே வரும் பால் 64.4-க்குப் பதில் 62.7 டிகிரியில் இருக்கும். ஒன்றே முக்கால் டிகிரிக் குறைவை ஹீட்டர் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும், யாருக்கும் தெரியாது.

இரண்டு கருவிகளுக்கும் நடுவே ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் தெரியும். அங்கே வழக்கமாக 34.2 டிகிரியில் இருக்கும் பச்சைப் பால் இப்போது 41.1 டிகிரியைக் காட்டும். ஏழு டிகிரி மாற்றம் கண்ணில் படாமல் போகாது. ஆனால் அது மேல்நோக்கிய மாற்றம் என்பதால், 'அ' முன்பைவிட நன்றாக ஓடுகிறது என்று தவறாகப் படித்துவிட இடமுண்டு. நடந்தது அதுவல்ல. படிவம் பிடித்த 'ஆ' சூடான பாலின் வெப்பத்தைச் சரியாக எடுக்காமல் விட்டதால், அந்த வெப்பம் 'அ'வுக்கு வந்துசேர்ந்திருக்கிறது. நடுச் சூடு ஏறினால் 'ஆ'வைக் கழுவுங்கள். இறங்கினால் 'அ'வைப் பாருங்கள்.

இந்த எண்கள் எல்லாம் இரண்டு பக்க ஓட்டமும் சமமாக இருக்கும்வரை செல்லும். பல பண்ணைகளில் இரண்டு பரிமாற்றிகளுக்கு நடுவே பாலாடை பிரிக்கும் செப்பரேட்டர் நிற்கும். அங்கே பாலின் ஒரு பகுதி வெளியேறுவதால் ஓட்டங்கள் சற்றே மாறும். விடையும் அந்த அளவுக்கு நகரும். இரண்டாவது கருவி இரண்டு பக்கமும் அழுத்த இழப்பைக் கூட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. தகட்டில் ஓட்டை விழுந்தாலும் பச்சைப் பால் பதப்படுத்திய பாலில் கலக்காதபடி, பதப்படுத்திய பக்கத்தின் அழுத்தம் எப்போதும் கூடுதலாக இருந்தாக வேண்டும். பழைய பம்ப் புதிய வரிசையிலும் அதைக் காக்குமா என்று அளந்து பார்த்த பிறகே பாலை ஓட்ட வேண்டும்.

இரண்டாவது பரிமாற்றிக்கு விலைப்புள்ளி கேட்பவர்கள், அந்தக் கருவியின் தனித் திறனோடு நிற்காமல், இரண்டும் சேர்ந்த பிறகு பால் எத்தனை டிகிரியில் வெளியே வரும் என்பதையும் நடுவில் எத்தனை டிகிரி இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தெர்மாமீட்டர் பொருத்த இடம் விடும்படியும் அப்போதே சொல்லிவிடுங்கள்.