போட்டோவில் வந்த டிராயிங்கை அட்டவணை ஆக்குவது எப்படி?

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்)



நம் கோவை வட்டாரத்தில் ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் சின்ன லேத் பட்டறைகளுக்கு இப்போது டிராயிங் பல நேரம் தாளாக வருவதில்லை. பார்ட்டி தன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார். எண்ணெய்க் கையோடு லேத்தில் நிற்பவர் செல்போனைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே கடைய முடியாது. ஆகவே யாராவது ஒருவர் உட்கார்ந்து, அந்தப் போட்டோவைப் படித்து, எந்தப் பாகம், என்ன அளவு, எவ்வளவு டாலரன்ஸ் என்று ஓர் அட்டவணை எழுதித் தர வேண்டியிருக்கிறது. டிப்ளமோ படிக்கும் பையன் பயிற்சிக்குப் போனால் பெரும்பாலும் அந்த வேலை அவன் தலையில்தான் விழும்! கணபதி பக்கம் ஒரு பட்டறையில் பயிற்சிக்குப் போனபோது எனக்கும் விழுந்தது.

ஜாப் ஆர்டரில் மால் ரிஜெக்ட் ஆனால் கம்பி விலை, கூலி, கரண்ட் எல்லாம் பட்டறைக்காரர் கையை விட்டுப் போகும். அட்டவணையில் ஓர் எழுத்து மாறினாலே அது நடக்கும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் போட்டோவைச் சோதிக்கணும்

டிராயிங் தாளின் வலது கீழ் மூலையில் இருப்பது டைட்டில் பிளாக். பாகத்தின் பெயர், டிராயிங் எண், திருத்த எழுத்து, மெட்டீரியல், ஸ்கேல், பொது டாலரன்ஸ் எல்லாம் அங்கேதான் இருக்கும். தாளை மடிக்கும்போது இந்தக் கட்டம் வெளியே தெரியும்படிதான் மடிப்பார்கள். அதனால் கை பட்டு அழுக்காவதும் இதுதான். போட்டோ எடுப்பவர் படம் முழுசா விழுந்தால் போதும் என்று நினைப்பதால், ஓரத்தில் வெட்டுப்படுவதும் இதுதான். தாளின் நான்கு மூலையும் போட்டோவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூலை வெட்டுப்பட்டிருந்தால் வேறு போட்டோ கேட்க வேண்டும்.

அடுத்தது எழுத்தின் தெளிவு. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஏ3 தாளின் நீளம் 420 மி.மீ. செல்போன் வழியாக வரும்போது போட்டோ 1600 புள்ளி நீளத்துக்குச் சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1600-ஐ 420-ஆல் வகுத்தால் ஒரு மி.மீ.க்கு நான்கு புள்ளிகூட இல்லை. டாலரன்ஸ் எழுத்தின் உயரம் 2.5 மி.மீ. என்றால் அதற்குக் கிடைப்பது ஒன்பது, பத்துப் புள்ளிதான். அந்த அளவில் k எது, h எது என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 3 என்பது 8 மாதிரி இருக்கும். தசமப் புள்ளி காணாமலே போகும்.

பார்ட்டியிடம் போட்டோவைச் சுருக்காமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லலாம். இல்லாவிட்டால் முழுத் தாளுக்கு ஒன்று, டைட்டில் பிளாக்குக்குத் தனியாக ஒன்று, அளவு நெருக்கமாக உள்ள இடத்துக்கு ஒன்று என்று கிட்டப்போய் எடுக்கச் சொல்லலாம். 180 மி.மீ. அகலமுள்ள டைட்டில் பிளாக்கை மட்டும் எடுத்தால், அதே 1600 புள்ளியில் ஒரு மி.மீ.க்கு கிட்டத்தட்ட ஒன்பது புள்ளி கிடைத்துவிடும்.

இன்னொன்று. அளவு படிக்க முடியவில்லை என்று போட்டோவின் மேல் ஸ்கேல் வைத்து அளந்து எழுதவே கூடாது. சாய்வாக எடுத்த போட்டோவில் பக்கத்தில் உள்ள கோடு நீண்டும், தள்ளி உள்ள கோடு குறுகியும் விழும். எழுதியிருக்கும் எண்தான் அளவு. வரைந்திருக்கும் கோடு அளவு ஆகாது.

எழுதியது ஒரு பக்கம், கணக்கிட்டது ஒரு பக்கம்

எங்கள் வீட்டில் டிராயிங் பார்த்த முதல் ஆள் நான்தான். அப்பா மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறார். மண்டிச் சீட்டில் மூட்டை எடை ஒரு பக்கம் இருக்கும், விலைக் கணக்கு ஒரு பக்கம் இருக்கும். கணக்கு தப்பாகப் போனாலும் எடை அழியாது, திரும்பப் போட்டுக்கலாம். நம் அட்டவணையும் அப்படித்தான் இருக்கணும். டிராயிங்கில் எழுதியிருப்பதை எழுதியபடியே ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். அதிலிருந்து நாம் கணக்கிட்ட மேல் எல்லையும் கீழ் எல்லையும் வேறு கட்டங்களில் வர வேண்டும். நேராக எல்லையை மட்டும் எழுதிவிட்டால், தப்பு படித்ததிலா கணக்கிலா என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு மாதிரி: கவுன்டர் ஷாஃப்ட்

பெல்ட் புல்லி மாட்டும் ஒரு ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். டைட்டில் பிளாக்குக்கு மேலே பாகப் பட்டியல் இருக்கிறது. இந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலே படிக்கணும், 1-ஆம் எண் அடியில் இருக்கும். அதை நிமிர்த்தி எழுதினால் இப்படி வரும்.

| எண் | பாகம் | மெட்டீரியல் / வகை | எண்ணிக்கை |
|---|---|---|---|
| 1 | ஷாஃப்ட் | ஈ.என்.8 | 1 |
| 2 | பேரிங் | 6204 | 2 |
| 3 | கீ | 6 × 6 × 30 | 1 |
| 4 | நட் | M12 | 1 |

டைட்டில் பிளாக்கில், தனியாக டாலரன்ஸ் குறிக்காத அளவுகளுக்கு ஐ.எஸ். 2102, நடுத்தர வகுப்பு என்று எழுதியிருக்கிறது. சில டிராயிங்கில் இதையே ISO 2768-m என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். இதன்படி 6-க்கு மேல் 30 வரை ±0.2, 30-க்கு மேல் 120 வரை ±0.3, 120-க்கு மேல் 400 வரை ±0.5 மி.மீ. டைட்டில் பிளாக் வெட்டுப்பட்டிருந்தால் இந்த அளவுகளுக்கெல்லாம் டாலரன்ஸே கிடையாது என்று ஆகிவிடும். எழுத்துக் குறியீடு உள்ள அளவுகளுக்கு ஐ.எஸ். 919 அட்டவணை பார்க்க வேண்டும்.

இப்போது ஷாஃப்ட்டின் அளவுகள், மி.மீ.யில்:

| இடம் | டிராயிங்கில் உள்ளபடி | மேல் எல்லை | கீழ் எல்லை | எதிலிருந்து |
|---|---|---|---|---|
| பேரிங் இடம், 2 | φ20 k6 | 20.015 | 20.002 | ஐ.எஸ். 919 |
| பேரிங் இட நீளம், 2 | 16 | 16.2 | 15.8 | ஐ.எஸ். 2102 |
| நடுப்பகுதி | φ26 | 26.2 | 25.8 | ஐ.எஸ். 2102 |
| நடுப்பகுதி நீளம் | (130) | – | – | துணை அளவு |
| புல்லி இடம் | φ18 h7 | 18.000 | 17.982 | ஐ.எஸ். 919 |
| புல்லி இட நீளம் | 40 | 40.3 | 39.7 | ஐ.எஸ். 2102 |
| கீ-வே அகலம் | 6 P9 | 5.988 | 5.958 | ஐ.எஸ். 919 |
| கீ-வே அடியிலிருந்து எதிர்ப்பக்கம் வரை | 14.5, 0 / -0.1 | 14.5 | 14.4 | டிராயிங்கிலேயே |
| கீ-வே நீளம் | 30 | 30.2 | 29.8 | ஐ.எஸ். 2102 |
| மரை நீளம், M12 | 20 | 20.2 | 19.8 | ஐ.எஸ். 2102 |
| மொத்த நீளம் | 222 | 222.5 | 221.5 | ஐ.எஸ். 2102 |

இதில் சில வரிகளை மட்டும் நின்று பார்ப்போம்.

130 அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அது தகவலுக்கான துணை அளவு. அதற்கு டாலரன்ஸ் போடக் கூடாது, அதை வைத்து மாலைச் சோதிக்கவும் கூடாது. ஆனால் படித்தது சரியா என்று பார்க்க அது நல்ல துணை. 16, 130, 16, 40, 20 எல்லாவற்றையும் கூட்டுங்கள். 222 வருகிறது, மொத்த நீளத்தோடு ஒத்துப்போகிறது. 130-ஐ மங்கலில் 180 என்று படித்திருந்தால் 272 வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

14.5-க்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 18-இல் 14.5 போனால் 3.5. 6 × 6 கீ-க்கு ஷாஃப்ட்டில் வெட்டும் ஆழம் 3.5 மி.மீ.தான். ஆகவே எண் சரி. ஆனால் 0.1-க்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை இந்தக் கூட்டல் கழித்தல் காட்டாது. அதைக் கண்ணால்தான் பார்க்கணும்.

φ18 h7-இல் ஒரு வழுக்கல் இருக்கிறது. ஐ.எஸ். 919-இல் "10-க்கு மேல் 18 வரை" ஒரு வரி, "18-க்கு மேல் 30 வரை" அடுத்த வரி. சரியாக 18 என்பது முதல் வரியைச் சேர்ந்தது. அதில் h7 என்றால் 0, -0.018. அடுத்த வரியைப் பார்த்தால் -0.021 என்று எழுதிவிடுவோம். எழுத்து பெரியதா சின்னதா என்பதும் முக்கியம். சின்ன h ஷாஃப்ட்டுக்கு, பெரிய H துளைக்கு. 18 H7 என்றால் அதே 0.018 எதிர்ப்பக்கம் போய் +0.018, 0 ஆகிவிடும்.

k-வா, h-ஆ?

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து பேரிங் இடத்தில்தான். மங்கலான போட்டோவில் k6 என்பது h6 மாதிரியே தெரியும். k6 என்றால் ஷாஃப்ட் 20.002-க்கும் 20.015-க்கும் நடுவில் இருக்கணும். h6 என்றால் 19.987-க்கும் 20.000-க்கும் நடுவில். இரண்டும் ஓர் இடத்தில்கூடத் தொடவில்லை பாருங்கள்! h6 என்று படித்துக் கடைந்தால், லேத்காரர் எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாலும் ஒரு ஷாஃப்ட்கூடத் தேறாது. குறைவாகக் கடைந்ததைத் திரும்ப ஏற்றவும் முடியாது. தெரியாமல் மாட்டிவிட்டாலோ, பேரிங்கின் உள்வளையம் இறுக்கமாகப் பிடிக்காமல் ஷாஃப்ட் மேலேயே வழுக்கிச் சுற்றி, அந்த இடத்தைத் தேய்த்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அதே தாளில் φ18 h7-இல் ஒரு h தெளிவாக இருக்கிறது. அதன் பக்கத்தில் சந்தேக எழுத்தை வைத்துப் பாருங்கள். இரண்டாவது பேரிங் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். பாகப் பட்டியலில் 6204 இருக்கிறது, அதன் உள்விட்டம் 20. ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் உள்வளையத்துக்கு இறுக்கமான k6 பொருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் பொருத்தமாக இருக்கிறது என்பதால் நாமாக k6 என்று நிரப்பிவிடக் கூடாது. பட்டறையில் இருந்த மூத்த டர்னர் என்னிடம் சொன்னது இது: "கண்ணு, தெரியலைன்னா தெரியலைன்னு எழுதோணும். நீயா ஒண்ணு எழுதி வெச்சீன்னா நாங்க அதைத்தான் கடைவோம்." படிக்க முடியாத கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, "k6-ஆ h6-ஆ, கேட்கவும்" என்று எழுதிவிட வேண்டும். எல்லைக் கட்டங்களைக் காலியாக விட வேண்டும். காலியாக இருந்தால் யாரும் கடைய ஆரம்பிக்க மாட்டார்கள்.

கடைசி வேலை

அட்டவணையின் தலையில் டிராயிங் எண்ணையும் திருத்த எழுத்தையும் எழுதுங்கள். ஆர்டரில் திருத்தம் B என்று இருந்து, போட்டோவில் A இருந்தால், பழைய தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மற்ற அளவெல்லாம் சரியாகப் படித்தும் பிரயோஜனமில்லை.

பிறகு அட்டவணையை வேறொருவர் கையில் கொடுத்து, ஒருவர் போட்டோவிலிருந்து சத்தமாகப் படிக்க, மற்றவர் டிக் அடிக்கணும். எழுதியவரே சரிபார்த்தால் முதலில் படித்ததையே கண் திரும்பவும் படிக்கும். அதன்பின் கேள்விக்குறிகளோடு அட்டவணையைப் பார்ட்டிக்கு அனுப்பி, பதிலை வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். அவர் "k6 தான், திருத்தம் B தான்" என்று எழுதி அனுப்பிய பிறகு அந்தக் கட்டங்களை நிரப்பி, தேதி போட்டு, அப்புறம்தான் ஈ.என்.8 கம்பியை வெட்டச் சொல்லணும்.