தினமும் ஒரு கிளாஸ் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதா? ஆய்வுகள் உண்மையில் சொல்வது என்ன?

"டெய்லி ஒரு கிளாஸ் ரெட் ஒயின் குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதாம்ல?" பார்ட்டியிலோ, குடும்ப விசேஷத்திலோ, வாட்ஸ்அப் குரூப்பிலோ இந்த வரியைக் கேட்காதவர்கள் குறைவு. சும்மா கிளம்பிய வதந்தி என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. பல ஆண்டுகளாக வெளியான ஆய்வுகளில் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்ததாகவே பதிவாகியிருந்தது. அப்படியானால் ஆய்வுகள் பொய் சொன்னதா? இல்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதில்தான் சிக்கல்.

எங்கிருந்து கிளம்பியது இந்தப் பேச்சு?

1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி ஒரு கேள்வியை எழுப்பியது. பிரான்ஸ் மக்கள் வெண்ணெய், சீஸ், கொழுப்பு எல்லாவற்றையும் ஒரு கை பார்க்கிறார்கள். ஆனாலும் அமெரிக்கர்களை விட அவர்களுக்கு மாரடைப்பு மரணம் குறைவு. எப்படி? செய்தியாளர் மோர்லி சேஃபர் கையில் ரெட் ஒயின் கிளாஸைப் பிடித்துக்கொண்டு, பதில் இதற்குள் இருக்கலாம் என்றார். அடுத்த சில மாதங்களிலேயே அமெரிக்காவில் ரெட் ஒயின் விற்பனை எகிறியது. 1992-ல் பிரெஞ்சு விஞ்ஞானி செர்ஜ் ரெனோ இதே கருத்தை 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். 'பிரெஞ்சு முரண்பாடு' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

அந்த முரண்பாட்டுக்கு வேறு விளக்கங்களும் உண்டு. 1999-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மால்கம் லா, நிக்கோலஸ் வால்ட் இருவரும் இரண்டு விஷயங்களைச் சுட்டிக்காட்டினார்கள். ஒன்று, பிரான்ஸில் இதய நோயால் நடந்த மரணங்களில் ஒரு பகுதி சான்றிதழில் வேறு காரணத்தின் கீழ் பதிவாகிறது. இரண்டு, பிரான்ஸில் கொழுப்பு அதிகமான சாப்பாட்டுப் பழக்கமே பிரிட்டனை விடத் தாமதமாகத்தான் வந்தது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து மாரடைப்பாக மாற பல பத்தாண்டுகள் ஆகும். ஆக, பிரான்ஸுக்கு பில் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். இதில் ஒயினுக்குப் பெரிய வேலை இல்லை.

திராட்சைத் தோலில் இருக்கும் அந்தப் 'பொருள்'?

ஒயினை ஆதரிப்பவர்கள் உடனே சொல்லும் பெயர் ரெஸ்வெரட்ரால். சிவப்பு திராட்சையின் தோலில் இருக்கும் வேதிப்பொருள் இது. ஆய்வகத்தில் செல்களிலும் எலிகளிலும் சில நல்ல விளைவுகளைக் காட்டியது உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு லிட்டர் ரெட் ஒயினில் இருப்பது சில மில்லிகிராம்தான். தாராளமாக 5 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும்போது 500 மில்லிகிராம் போன்ற அளவுகளை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அந்த அளவை ஒயினிலிருந்து எடுக்க 100 லிட்டர் குடிக்க வேண்டும். 750 மில்லி பாட்டில் கணக்கில் 130-ஐத் தாண்டும். அதுவும் ஒரே நாளில்!

இத்தாலியில், ஒயினுக்குப் பேர்போன கியான்டி பகுதியில் 65 வயதைக் கடந்த 783 பேரை ஒன்பது ஆண்டுகள் கண்காணித்தார்கள். எவ்வளவு ஒயின் குடித்தீர்கள் என்று கேட்பதோடு விடாமல், சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் உடைந்து வெளியேறும் அளவையே அளந்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. அந்த அளவு அதிகமாக இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் இதய நோயிலோ மரணத்திலோ வித்தியாசம் இல்லை. இன்னொரு தகவல்: ரெஸ்வெரட்ராலைப் புகழ்ந்து நிறைய கட்டுரைகள் எழுதிய ஆய்வாளர் தீபக் தாஸ், 145 இடங்களில் தரவுகளை இட்டுக்கட்டியோ திரித்தோ இருந்ததாக அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2012-ல் அறிவித்தது. ரெஸ்வெரட்ரால் ஆய்வு முழுவதும் மோசடி என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஒயின் விளம்பரங்களுக்கு அது நல்ல செய்தி இல்லை.

சரி, குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று வந்ததே?

இதுதான் முக்கியமான இடம். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இந்த ஆய்வுகளில் மக்களிடம் "குடிப்பீர்களா? எவ்வளவு?" என்று கேட்பார்கள். பிறகு பல ஆண்டுகள் கண்காணித்து, யாருக்கு மாரடைப்பு வந்தது என்று எண்ணுவார்கள். அதிகம் குடிப்பவர்களுக்கு அபாயம் அதிகம். கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்குக் குறைவு. குடிக்காதவர்களுக்கு மறுபடியும் சற்று அதிகம். கிராஃபில் வரைந்தால் கோடு நடுவில் பள்ளமாக இறங்கி ஏறும்.

ஆனால் "நான் குடிப்பதில்லை" என்று சொல்பவர் யார்? வாழ்நாளில் தொடாதவரும் அப்படித்தான் சொல்வார். ஈரல் கெட்டோ, பிபி எகிறியோ, ஒரு தடவை நெஞ்சுவலி வந்து டாக்டர் திட்டியோ நிறுத்தியவரும் அப்படித்தான் சொல்வார். இரண்டு பேரும் ஒரே பெட்டியில் போய் விழுகிறார்கள்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. குடிக்காதவர்கள் 100 பேர். அதில் 80 பேர் எப்போதும் குடிக்காதவர்கள், 20 பேர் உடம்பு கெட்டு நிறுத்தியவர்கள். பத்து ஆண்டுகளில் அந்த 80 பேரில் 8 பேருக்கு மாரடைப்பு, அதாவது 10 சதவீதம். ஏற்கெனவே நோய் உள்ள 20 பேரில் 6 பேருக்கு. மொத்தம் 14. பக்கத்தில் கொஞ்சமாகக் குடிக்கும் 100 பேர், அவர்களில் 10 பேருக்கு மாரடைப்பு. இப்போது தலைப்பு எப்படி வரும்? "குடிக்காதவர்களில் 14, குடிப்பவர்களில் 10. ஒயின் இதயத்தைக் காக்கிறது!" நிறுத்திய 20 பேரை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். 10 சதவீதம், 10 சதவீதம். பலன் காணாமல் போய்விட்டது.

இந்தச் சந்தேகத்தை 1988-லேயே பிரிட்டிஷ் மருத்துவர் ஜெரால்ட் ஷேப்பர், 7,700-க்கும் மேற்பட்ட ஆண்களின் தரவை வைத்து எழுப்பினார். அதாவது டிவி நிகழ்ச்சி வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே. அன்று அது பெரிதாக எடுபடவில்லை.

இன்னொரு கலப்படமும் உண்டு. ஒயின் குடிப்பவர் வேறு என்னவெல்லாம் செய்கிறார்? டென்மார்க்கில் 98 சூப்பர் மார்க்கெட்டுகளின் 35 லட்சம் பில்களை ஆய்வாளர்கள் அலசினார்கள். ஒயின் வாங்கியவர்களின் கூடையில் ஆலிவ், பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த சீஸ் அதிகம். பீர் வாங்கியவர்களின் கூடையில் சிப்ஸ், சாசேஜ், குளிர்பானம் அதிகம். இதயம் நன்றாக இருந்தால் பாராட்டு ஒயினுக்கா, காய்கறிக்கா?

மரபணு வைத்த டெஸ்ட்

இந்தக் கலப்படத்தையெல்லாம் பிரிப்பது எப்படி? சீனாவில் ஒரு வழி கிடைத்தது. கிழக்கு ஆசியாவில் பலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, குமட்டல் வந்துவிடும். அதனால் அவர்கள் குடிப்பது மிகக் குறைவு. கவனிக்க வேண்டியது, இவர்கள் நோய் வந்து நிறுத்தியவர்கள் இல்லை. வசதி, படிப்பு, காய்கறிக் கூடை எதைப் பார்த்தும் இந்த மரபணு அமைவதில்லை. பிறக்கும்போதே சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி.

5 லட்சம் பேரைக் கொண்ட 'சீனா கடூரி பயோபேங்க்' ஆய்வில், சுமார் 1.6 லட்சம் பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். வழக்கம்போல "எவ்வளவு குடிப்பீர்கள்" என்று கேட்டு வரைந்தபோது, பக்கவாதத்துக்கு அதே பள்ளம் கிராஃபில் வந்தது. மரபணுப்படி பிரித்து வரைந்ததும் பள்ளம் மறைந்தது. ஆண்களிடம் குடி கூடக் கூட பக்கவாதமும் ஏறிக்கொண்டே போனது. வாரத்துக்கு 280 கிராம் ஆல்கஹால், அதாவது தினம் சுமார் 4 டிரிங்க் கூடினால் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடியது. மாரடைப்பில் தெளிவான தொடர்பு தெரியவில்லை. பாதுகாப்பு என்று சொல்லவும் ஆதாரம் கிடைக்கவில்லை. சரி, அந்த மரபணுவே நேரடியாக ஏதாவது செய்திருந்தால்? அதற்கும் பதில் அங்கேயே இருந்தது. குடிக்கும் பழக்கமே அரிதான சீனப் பெண்களிடம், அதே மரபணு இருந்தும் இந்த வித்தியாசம் வரவில்லை. 2019-ல் இது லான்செட்டில் வெளியானது.

'நல்ல கொழுப்பு' கூடுமே?

கூடும். மது குடித்தால் எச்டிஎல் கொஞ்சம் ஏறுவது உண்மைதான். ஆனால் எச்டிஎல்லை ஏற்றினாலே இதயம் தப்பிக்கும் என்பது நிரூபணமாகவில்லை. எச்டிஎல்லை நன்றாக ஏற்றிய டோர்செட்ராபிப் என்ற மாத்திரையின் சோதனையை, மரணங்கள் கூடியதால் 2006-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. ரிப்போர்ட்டில் நம்பர் அழகாவது வேறு, மாரடைப்பு குறைவது வேறு.

எல்லா விஞ்ஞானிகளும் ஒத்துக்கொண்டார்களா?

இல்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய அகாடமிகள் வெளியிட்ட அறிக்கை, மிதமாகக் குடிப்பவர்களிடம் இதய நோய் மரணம் குறைவாக இருப்பதாகவே சொன்னது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுவதையும் அதே அறிக்கை சேர்த்துச் சொன்னது. நிறுத்தியவர்களைக் கழித்துவிட்டே பார்த்தார்கள் என்றாலும், பெரும்பாலும் மக்களைக் கண்காணித்த ஆய்வுகள்தான் அதற்கு அடிப்படை. காய்கறிக் கூடைப் பிரச்சினை அங்கே முழுதாகத் தீரவில்லை. குடிக்க வைத்தும் குடிக்க வைக்காமலும் நேரடியாக ஒப்பிட அமெரிக்க அரசு திட்டமிட்ட பெரிய சோதனை ஒன்று இருந்தது. மது நிறுவனங்களின் பணமும் தலையீடும் வெளியே வந்ததால் 2018-ல் அதைக் கைவிட்டார்கள்.

இதய நோயாளிகள் கவனிக்க வேண்டியது

நேரடிச் சோதனை நடந்த ஒரு இடம் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும் பிரச்சினை. பக்கவாதத்துக்கு இது ஒரு பெரிய காரணம். ஆஸ்திரேலியாவில் வாரம் 10 டிரிங்கோ அதற்கு மேலோ குடிக்கும் 140 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதத்தில், வழக்கம்போலக் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்குப் பிரச்சினை திரும்பியது. நிறுத்தச் சொன்னவர்களில் 53 சதவீதம்.

பிபி, இதயத் துடிப்புப் பிரச்சினை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை இந்த மூன்றில் ஏதாவது இருந்தால், குடிக்கும் அளவை டாக்டரிடம் மறைக்காமல் சொல்வது அவசியம். மது பிபியை ஏற்றும், அந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயமும் கூடும். "ஒரு கிளாஸ்" என்று மட்டும் சொன்னால் போதாது. மருத்துவக் கணக்கில் ஒரு கிளாஸ் ஒயின் என்பது 150 மில்லி. வீட்டில் பெரிய கிளாஸை நிரப்பினால் அது இரண்டாகவே இருக்கலாம். பல ஆண்டுகளாகத் தினமும் நிறைய குடிப்பவர்கள், இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது. அப்படி நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம் என்பதால், அதை மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.