கேரமல் கஸ்டர்ட்: 4 முட்டைக் கணக்கு 12 முட்டைக்கு ஏன் பொருந்துவதில்லை?

அரை லிட்டர் பால், 4 முட்டை, 80 கிராம் சர்க்கரை. 6 பேருக்கான கேரமல் கஸ்டர்டுக்கு இது நம்பகமான அளவு. விருந்துக்கு 18 பேர் வருகிறார்கள் என்றால், எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கி ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றி அவனில் வைத்துவிடத் தோன்றும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் பொடிப்பொடித் துளைகள். நடுவில் இன்னும் பால். மேலும் கொஞ்ச நேரம் வைத்து, ஆறவிட்டுக் கவிழ்த்தால் ஒரு பக்கம் வெடித்துச் சரிகிறது.

பெருக்கலில் பிழையில்லை. ஆனால் பாலும் முட்டையும் மும்மடங்கானால் வேகும் நேரமும், கேரமல் பாகும், கஸ்டர்ட் நிற்கும் வலுவும் அதே கணக்கில் கூடுவதில்லை. ஒவ்வொன்றும் தனி விதிப்படி வளர்கிறது. அந்த விதிகள் தெரிந்தால் எந்தப் பாத்திரத்துக்கும் அளவை நாமே போட்டுக்கொள்ளலாம்.

இங்கே பேசுவது முட்டையால் உறையும் கஸ்டர்டைப் பற்றி மட்டுமே. கடையில் கிடைக்கும் கஸ்டர்ட் பவுடர் அடிப்படையில் சோள மாவு. 1837-இல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பேர்ட், முட்டை ஒவ்வாத தன் மனைவிக்காக உருவாக்கியது. அது வேறு வழியில் கெட்டியாகிறது. அதன் அளவுகள் இதற்குப் பொருந்தா.

உறையவைப்பது எது?

முட்டையில் உள்ள புரதங்கள் நூல்கண்டுபோலச் சுருண்டு கிடப்பவை. சூடு ஏறும்போது சுருள் பிரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, நுண்ணிய வலையாகின்றன. பாலின் நீர் முழுவதும் அந்த வலைக் கண்களுக்குள் சிறைப்படுகிறது. கஸ்டர்ட் உறைவது என்பது இதுதான்.

வெள்ளைக்கரு மட்டும் தனியாக இருந்தால் சுமார் 63 டிகிரி செல்சியஸிலேயே கெட்டியாகத் தொடங்கும். அதில் பாலும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் புரதங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் மிதக்கின்றன. சந்தித்துப் பிணையக் கூடுதல் சூடு தேவைப்படுகிறது. அதனால் கஸ்டர்ட் கலவை கெட்டியாகத் தொடங்குவதே 80 டிகிரியை ஒட்டித்தான். அதற்கு மேல் இன்னும் சில டிகிரி கூடினால் வலை இறுகி, உள்ளே பிடித்து வைத்த நீரை வெளியே பிழிந்துவிடும். ஓரத்தில் தெரியும் துளைகளும், தட்டில் தேங்கும் நீர்த்த திரவமும் அப்படி வருபவை. நன்றாக உறைவதற்கும் திரிந்து போவதற்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. பெரிய பாத்திரத்தில் வரும் சிக்கல் பெரும்பாலும் இந்தக் குறுகிய இடைவெளியில்தான்.

இதில் பாலுக்கும் ஒரு பங்கு உண்டு. பாலுக்குப் பதில் தூய நீரில் முட்டையை அடித்து இதேபோல வேகவைத்தால் அது கட்டியாக உறையாது. துணுக்குத் துணுக்காகப் பிரிந்து மிதக்கும். ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்தால் அதே நீர் மென்மையாக உறைகிறது. முட்டைப் புரதங்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை. உப்பிலுள்ள சோடியமும் பாலிலுள்ள கால்சியமும் அந்த விலக்கத்தைத் தணித்து அவற்றை நெருங்கவிடுகின்றன. பாலில் அதிகம் தண்ணீர் கலந்துவிட்டால் கஸ்டர்ட் தளர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை பாலுக்கு எத்தனை முட்டை?

250 மி.லி. பாலுக்கு 1 முட்டை என்பது குறைந்தபட்ச அளவு. கோப்பையிலேயே வைத்துக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட அது மிக மென்மையாக இருக்கும். கவிழ்த்தால் நிற்காது. கவிழ்த்துப் பரிமாற 250 மி.லி.-க்கு 2 முட்டை வேண்டும். எடையில் சொன்னால், ஒரு பங்கு முட்டைக்கு இரண்டரைப் பங்கு பால். அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் ரூல்மன், சமையல் விகிதங்களைப் பற்றி 2009-இல் வெளியிட்ட நூலில் இன்னும் வலுவான அளவைத் தருகிறார்: ஒரு பங்கு முட்டைக்கு இரண்டு பங்கு பால். உயரமான கஸ்டர்டுக்கு அது ஏற்றது. அதையும் தாண்டினால் முட்டை வாடை தூக்கும். வாயில் ரப்பர்போல இழுக்கும்.

எடையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலை நாட்டுச் சமையல் குறிப்புகள் சொல்லும் ‘1 முட்டை’ ஓடு நீக்கி 50 கிராம். நம் கடைகளில் கிடைப்பது பல நேரம் ஓட்டோடு சேர்த்தே 50 கிராம்தான். ஓட்டின் எடை அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். உள்ளே இருப்பது சுமார் 44 கிராம். 4 முட்டை போடும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. 12 முட்டைக்குப் போகும்போது 600 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 530 கிராம்தான் இருக்கும். ஒன்றரை முட்டைக்கு மேல் குறைவு. ஆகவே பெரிய அளவில் செய்கிறவர்கள் முட்டையை எண்ண வேண்டாம். உடைத்து ஊற்றி எடை போடுங்கள். பாலைக் காய்ச்சிச் சேர்ப்பதானால், காய்ச்சி ஆறிய பிறகு அளந்துகொள்ளுங்கள். அடுப்பில் சுண்டிய பால் முதலில் அளந்த அளவில் இருக்காது.

முதலில் ஆழத்தைப் பாருங்கள்

இப்போது மும்மடங்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 500 மி.லி. பால், 200 கிராம் முட்டை, 80 கிராம் சர்க்கரை சேர்ந்தால் கலவை ஏறக்குறைய 750 மி.லி. வரும். 15 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பாத்திரத்தில் ஊற்றினால் அது 4 செ.மீ.-க்குச் சற்றுக் கூடுதலாக நிற்கும். 160 டிகிரி அவனில், வெந்நீர்த் தட்டில் வைத்து, சுமார் 50 நிமிடத்தில் வெந்துவிடும்.

மும்மடங்குக் கலவை 2,250 மி.லி. இதை 20 செ.மீ. விட்டமுள்ள உயரமான பாத்திரத்தில் ஊற்றினால் ஆழம் 7 செ.மீ.-ஐத் தாண்டும். ஆழம் 1.7 மடங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் சூடு ஒரு பொருளுக்குள் ஊடுருவ எடுக்கும் நேரம், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.7-ஐ 1.7-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 2.9. பக்கவாட்டிலிருந்தும் சூடு வருவதால் முழுக்க மூன்று மடங்கு ஆகாது என்றாலும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும். ஓரப் பகுதியோ முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வெந்துவிடுகிறது. நடுப்பகுதி 80 டிகிரியை எட்டும்வரை அது காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போதே திரிந்துவிடுகிறது.

அதே கலவையை 26 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடுவதால், 15-க்குப் பதில் 26 என்றால் பரப்பு மிகச் சரியாக மும்மடங்கு. ஆழம் பழைய 4 செ.மீ.-தான். வேகும் நேரமும் ஏறக்குறைய பழைய நேரமே. குளிர்ந்த கலவை அதிகம் இருப்பதால் பத்து, பதினைந்து நிமிடம் கூடலாம். வீட்டு ஓ.டி.ஜி. அவனில் 26 செ.மீ. பாத்திரமும் அதைச் சுற்றி நீர்த்தட்டும் அடங்குவது கடினம். அப்போது 18 செ.மீ. பாத்திரங்கள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் பரப்பையும் கூட்டினால் கிட்டத்தட்ட அதே அளவு வரும்.

கேரமல் பாகையும் பரப்பைப் பார்த்தே பெருக்க வேண்டும். அது பாத்திரத்தின் அடியை மூடத்தான். 15 செ.மீ. பாத்திரத்துக்கு 80 கிராம் சர்க்கரையைப் பாகாக்கினால், 26 செ.மீ.-க்கு 240 கிராம் தேவை. உயரமான 20 செ.மீ. பாத்திரத்துக்கு 140 கிராமே போதும். அதிலும் மூன்றால் பெருக்கினால் அடியில் கரையாத சர்க்கரைப் பாளம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

உயரமாகத்தான் வேண்டும் என்றால்

மேசையில் உயர்ந்து நிற்கும் கஸ்டர்ட்தான் வேண்டும் என்று சிலர் விரும்பலாம். அங்கே இன்னொரு கணக்கு குறுக்கிடுகிறது. கவிழ்த்தபின் கஸ்டர்டின் அடிப்பகுதி மேலே உள்ள எடை முழுவதையும் தாங்க வேண்டும். உயரம் கூடக்கூட அந்தச் சுமையும் கூடுகிறது. 4 செ.மீ. உயரத்தில் அசையாமல் நின்ற அதே விகிதம் 7 செ.மீ. உயரத்தில் வயிறு பிதுங்கி வெடிக்கும். எனவே ஒன்றரை லிட்டர் பாலுக்கு 600 கிராமுக்குப் பதில் 700 கிராம் முட்டை சேருங்கள். மஞ்சள் கருவை மட்டும் கூட்டினால் கஸ்டர்ட் வழவழப்பாகும். நிற்கும் உறுதி பெரும்பாலும் வெள்ளைக்கருவிலிருந்து வருவதால் முழு முட்டையாகவே சேர்ப்பது நல்லது. அவன் சூட்டை 150 டிகிரிக்குக் குறைத்து, நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

எந்தப் பாத்திரமானாலும் ஓரத்தைக் காப்பது நீர்த்தட்டுதான். அவன் 160 டிகிரியில் இருந்தாலும், திறந்த தட்டிலுள்ள நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் கொதிநிலைக்குக் கீழேயே, பெரும்பாலும் 80-க்கும் 90-க்கும் இடையே நிற்கும். தட்டையும் சேர்த்து அலுமினியத் தாளால் மூடிவிட்டால் ஆவி வெளியேறாது. நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். மேற்பரப்பு காயாமலிருக்கக் கஸ்டர்ட் பாத்திரத்தை மட்டும் மூடலாம். தட்டின் அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு அதன்மேல் பாத்திரத்தை வைத்தால் கீழிருந்து வரும் சூடும் தணியும். இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வேகவைக்கும் கஸ்டர்டில் துளைகள் அதிகம் விழுவதற்கும் கூடுதல் சூடுதான் காரணம். அங்கே ஆவி 100 டிகிரியில் இருக்கிறது.

எப்போது எடுப்பது?

பாத்திரத்தை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலம் அசையாமலும், நடுப்பகுதி தளதளவென்றும் இருந்தால் எடுத்துவிடலாம். நடுவில் அலையடித்தால் இன்னும் பால்தான். வெப்பமானி இருந்தால் நடுவில் செருகிப் பாருங்கள். 80 டிகிரி காட்டினால் போதும். பெரிய பாத்திரத்தில் தேங்கியிருக்கும் சூடு, வெளியே எடுத்த பிறகும் நடுப்பகுதியை வேகவைத்துக்கொண்டிருக்கும். அதனால் முழுக்க உறையும்வரை அவனில் விட்டுவைத்தால் தாமதம்தான். எடுத்தவுடன் வெந்நீரிலிருந்தும் பாத்திரத்தைத் தூக்கிவிட வேண்டும்.

பிறகு ஆறவைத்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். குளிரக் குளிர வலை மேலும் உறுதிப்படும். அடியிலுள்ள கேரமல் கஸ்டர்டின் ஈரத்தை இழுத்துக் கரைந்து பாகாகும். பெரிய பாத்திரம் மறுநாள் ஒட்டாமல் விடுபட இந்தப் பாகுதான் உதவுகிறது. அதனால் 18 பேருக்கான கஸ்டர்டை விருந்துக்கு முதல் நாளே செய்துவிட வேண்டும்.