பாடக்குறிப்பு ஏடும் பார்வைக் கடிதமும்

தமிழ்நாட்டின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளைப் பார்வையிடும் வட்டாரக் கல்வி அலுவலர், பாடக்குறிப்பு ஏட்டை மட்டும் வைத்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிட முடியாது. ஏட்டில் எழுதியது, வகுப்பில் நடந்தது, பிள்ளைகளின் நோட்டில் இருப்பது என மூன்றையும் ஒப்பிட்டால்தான் நிறையும் குறையும் தெரியவரும்.

ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களைக் கூட்டும் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் ஒரு காகிதத்தை ஆறு சம பாகமாக மடிக்கச் சொல்கிறார். அதில் பாதி மூன்று பாகம், மூன்றில் ஒன்று இரண்டு பாகம், இரண்டும் சேர்ந்தால் 5/6. கடிதத்தின் நிறைப் பகுதியில் "துணைக்கருவி நன்று" என்ற ஒற்றை வரி போதாது. பகுதி எண்களை ஏன் சமமாக்க வேண்டும் என்பதை மடிப்பே காட்டிவிட்டது என்று எழுதினால், எதைத் தொடர வேண்டும் என்பது ஆசிரியருக்குப் புரியும்.

குறை பெரும்பாலும் நோக்கத்திலேயே தொடங்குகிறது. "பின்னங்களைப் பற்றி அறிவர்" என்று ஏட்டில் இருந்தால், பிள்ளைகள் அறிந்தார்களா என்று சோதிக்க வழியில்லை. "வேற்றினப் பின்னங்கள் இரண்டைக் கூட்டி, விடை சரியா என விளக்குவர்" என்றால் சோதிக்கலாம். மதிப்பீட்டுக்குக் கரும்பலகையில் போட்ட அதே கணக்கையே கொடுத்திருந்தால் அதுவும் குறைதான். அது நினைவாற்றலை மட்டுமே அளக்கும்.

நோட்டைத் திறந்தால் இது வெளிப்படும். 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கும்: மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டிய தவறு. பாடக்குறிப்பின் குறைதீர் கற்பித்தல் பகுதியிலோ "மெல்லக் கற்போருக்கு மீண்டும் விளக்குதல்" என்ற ஒரே வரி வாரம் தவறாமல் வந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு மீண்டும் அதே விளக்கம் உதவாது. 2/5 பாதியைவிடக் குறைவு. பாதியோடு ஒன்றைச் சேர்த்த பிறகு விடை எப்படிப் பாதிக்குக் கீழே போகும்? இந்த ஒரு கேள்வியைக் குறைதீர் பகுதியில் எழுதிவைக்கலாம் என்று கடிதம் சொன்னால், மறுநாளே ஆசிரியர் அதை வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.

"முன்னேற்றம் தேவை", "கவனம் செலுத்தவும்" போன்ற வரிகள் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். அதனாலேயே யாருக்கும் பயன்படுவதில்லை. எந்த நாள் பாடம், எந்தப் பக்கம், எந்தக் கணக்கு என்று குறிப்பிடுவது நல்லது. ஒரே பாடவேளையைப் பார்த்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது நியாயமல்ல. அன்று கண்டதை அன்று கண்டதாகவே சொல்ல வேண்டும். குறைகள் பல இருந்தாலும் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்று எழுதினால் போதும். அடுத்த பார்வையில் 2/5 எழுதிய பிள்ளையின் நோட்டையே முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.