எலி வளையில் விழுந்த வளையல்

குழந்தைகளின் உச்சரிப்புப் பயிற்சிக்கான நாப்பிறழ் ஷார்ட்ஸ் காணொளிக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். 'கிழவியின் வளையல் எலி வளையில் விழுந்தது' என்பதை எடுத்துக்கொள்ளலாம். கேட்டதும் காட்சி மனத்தில் விரிகிறது. ஆனால் நாக்குக்கு வேலை அதிகம். ழ-வில் தொடங்கி, ள, ல இரண்டுக்கும் மாறி மாறிப் போய், மறுபடி ழ-வுக்கே திரும்ப வேண்டும்.

ல-வுக்கு நாக்கின் நுனி மேல்பல்லின் அடியைத் தொடுகிறது. ள-வுக்கு நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. ழ-வுக்கும் அதே வளைவுதான், ஆனால் தொடுவதில்லை. வேகம் கூடும்போது தொடாமல் நிற்க வேண்டிய நாக்கு தொட்டுவிடுவதால் 'விழுந்தது' 'விளுந்தது' ஆகிறது. தவறு நடந்ததா என்று அறியக் கடைசிச் சொல்லைக் கேட்டாலே போதும்.

வாக்கியத்தில் 16 அசைகள் உள்ளன. நொடிக்கு இரண்டு அசை என்றால் மெதுவான சுற்று 8 நொடி. நடுத்தர வேகத்தில் 4 நொடி, வேகமான சுற்றில் ஏறக்குறைய 3 நொடி. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் குழந்தை திருப்பிச் சொல்ல அதே அளவு இடைவெளி விட்டால் மொத்தம் 30 நொடி. பலர் இந்த இடைவெளியைத்தான் வெட்டிவிடுகிறார்கள்; அப்போது குழந்தை கேட்பதோடு சரி. மெதுவான ஒலிப்பதிவையே மென்பொருளில் விரைவுபடுத்துவதும் சரிவராது. சொற்களுக்கு நடுவே விட்ட இடைவெளியும் சேர்ந்து சுருங்கி, பேச்சு துண்டுதுண்டாகக் கேட்கும். மூன்று வேகத்தையும் தனித்தனியே பேசிப் பதிவு செய்வதே நல்லது.

மெதுவான சுற்றில் ஒலிக்கும் சொல்லுக்கு மட்டும் நிறம் மாறலாம். வேகமான சுற்றில் கண் அதைப் பின்தொடர முடியாது. முழு வாக்கியமும் 'வளையல்' என்ற சொல்லோடு மடிந்து இரண்டு வரியாக அசையாமல் நிற்கட்டும். ல, ள, ழ மூன்றுக்கும் வெவ்வேறு நிறம் கொடுப்பது உதவும், ஆனால் எழுத்தை முழுதாக நிறமேற்ற வேண்டும். 'ளை' என்பதில் ள-வை மட்டும் தேர்ந்தெடுத்தால் சில மென்பொருள்களில் ஐகாரக் குறி பிரிந்து, அருகில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். திரையின் அடிப்பகுதியைத் தலைப்பும் வலது ஓரத்தைப் பொத்தான்களும் மறைப்பதால், எழுத்துகளுக்கு நடுவுக்குச் சற்று மேலான இடமே பொருத்தம்.

வேகமான சுற்றில் ழ தவறினால் நடுத்தர வேகத்துக்குத் திரும்பி 'விழுந்தது' என்பதை மட்டும் சில முறை சொல்லிவிட்டு முழு வாக்கியத்துக்கு வரலாம். சில வட்டாரப் பேச்சுகளில் ழ இயல்பாகவே ள-வாகத்தான் ஒலிக்கும். அது பேச்சுக் குறைபாடு அல்ல. திக்கிப் பேசும் குழந்தைக்கு வேகமான சுற்று வேண்டாம். அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளரின் வழிகாட்டுதலே ஏற்றது.