பகிரச் சொன்னால் பகிர்வார்களா?

காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது: “எல்லோரும் நம் கம்பெனி பதிவைப் பகிருங்கள்.” மாலைக்குள் இருபது பேரின் லிங்க்ட்இன் பக்கத்தில் ஒரே வாசகம். கட்டளைக்குப் பகிர்ந்தது என்று பார்ப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

2005இல் ஐ.பி.எம். வேறு வழியில் போனது. வலைப்பூ எழுதும் ஊழியர்களே விக்கி பக்கத்தில் கூடி விதிகளை எழுதினார்கள். தன் பெயரோடும் பொறுப்போடும், ‘நான்’ என்றே எழுதவேண்டும். ‘இது என் சொந்தக் கருத்து’ என்று குறிப்பிடவேண்டும். ரகசியத்தையும், அனுமதியின்றி வாடிக்கையாளர் பெயரையும் வெளியிடக்கூடாது. தவறினால் தானே முதலில் திருத்தவேண்டும். தாங்களே எழுதிய விதி என்பதால் அது பாரமாக இருக்காது.

சிறு நிறுவனத்துக்கும் இது பொருந்தும். புதிய பம்பு பற்றிய பதிவா? வாசகம் கொடுக்காதீர்கள், படமும் விவரமும் போதும். அதைச் சோதித்த பொறியாளர், எங்கே கசிந்தது, எப்படி அடைத்தோம் என்று இரண்டு வரி எழுதட்டும். “இங்குதான் வேலை செய்கிறேன்” என்பதும் அதில் இருக்கவேண்டும். சொந்த நிறுவனப் பொருளைப் புகழும் ஊழியர் அந்தத் தொடர்பைச் சொல்லவேண்டும் என்கிறது அமெரிக்க வணிக ஆணையம்.

பகிராதவர் பெயரைக் கணக்கெடுக்காதீர்கள். அந்தக் கணக்கு அவருடையது.