பிடிக்காமலே வேண்டும் என்பது

எலிக்கு ஒரு சுவை பிடித்திருக்கிறதா என்பதை அதன் முகமே சொல்லிவிடும். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் உதட்டை நக்கி, நாக்கைத் திரும்பத் திரும்ப வெளியே நீட்டும். கசப்பு பட்டால் வாயை அகலத் திறந்து தலையை உதறும். பிறந்த குழந்தையின் முகமும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் இந்த முகபாவங்களை வீடியோவில் பதிந்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அது 1980கள். மூளையில் சுரக்கும் டோபமைன்தான் இன்பத்தைத் தருகிறது என்று ஆய்வாளர்கள் பலரும் நம்பிய காலம். அப்படியானால் டோபமைன் போய்விட்ட எலிக்குச் சர்க்கரை இனிக்கக் கூடாது. பெரிட்ஜும் அவருடன் பணியாற்றிய டெர்ரி ராபின்சனும் ஒரு வேதிப்பொருளைச் செலுத்தி, எலிகளின் மூளையில் டோபமைன் நரம்பிழைகளை அநேகமாக முழுவதும் அழித்தார்கள். அந்த எலிகள் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டன. உணவு மூக்குக்கு எதிரே இருந்தாலும் வாய் வைக்கவில்லை. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் பட்டினியால் செத்திருக்கும்.

ஆனால் அதே எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டபோது, அது பழையபடியே உதட்டை நக்கியது. இனிப்பு இனித்துக்கொண்டுதான் இருந்தது; அதை நாடிப்போகத்தான் எதுவும் அதைத் தூண்டவில்லை. இந்த முடிவு 1989இல் வெளியானது.

இதற்கு நேரெதிரான சோதனை இரண்டு ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி மின்சாரம் பாய்ச்சினால், வயிறு நிறைந்த எலியும் ஆவேசமாகத் தின்னத் தொடங்கும். உணவு கூடுதலாக ருசிப்பதால்தான் தின்கிறது என்றே எவரும் நினைப்போம். பெரிட்ஜ் முகத்தைப் பார்த்தார். மின்சாரம் ஓடும்போது இன்ப பாவம் கூடவில்லை. சுவை சற்று வெறுப்பூட்டியதற்கான அடையாளங்கள்தான் தெரிந்தன. ஆனாலும் எலி தின்றுகொண்டே இருந்தது.

ஆக, ஒன்றை வேண்டுவதும் அதை ரசிப்பதும் மூளையில் தனித்தனி வேலைகள். ரசனையை மிகுவிக்கும் இடங்கள் மிகச் சிறியவை. எலி மூளையில் அப்படி ஓர் இடத்தின் அளவு சுமார் ஒரு கன மில்லிமீட்டர்தான். அங்கே வேலை செய்பவை மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருட்கள். வேட்கையின் டோபமைன் வலையோ பரந்தது, எளிதில் கிளறப்படுவது. நமக்குள் ஆசை இவ்வளவு சுலபமாக மூள்வதற்கும் நிறைவு இவ்வளவு அரிதாக இருப்பதற்கும் இந்த ஏற்றத்தாழ்வு ஒரு முக்கியமான காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

போதைப் பழக்கத்தை இந்த இருவரும் 1993இல் இப்படித்தான் விளக்கினார்கள். போதைப்பொருளைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது, எளிதில் ஆட்படும் நிலையில் உள்ள சிலருக்கு வேட்கை வலை மேன்மேலும் கூர்மையாகிறது. இன்பம் அதோடு சேர்ந்து வளர்வதில்லை. உடல் பழகப் பழகக் குறையவும் செய்கிறது. பழக்கத்தை விட்ட முதல் நாட்களின் நடுக்கமும் வலியும் தீர்ந்த பிறகும், இந்தக் கூர்மை நெடுங்காலம் தங்கிவிடும். அதனால்தான் மாதக்கணக்கில் தொடாமல் இருந்தவர் பழைய கடைவாசலைக் கண்டதும் தடுமாறுகிறார். மன அழுத்தமும் இந்தத் தூண்டலைப் பெருக்கும். "எனக்கு அதில் ஒரு சுகமும் இல்லை, ஆனால் விட முடியவில்லை" என்று அவர் சொல்லும்போது வீட்டார் அதைச் சாக்கு என்று தள்ளிவிடுகிறார்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

எலி முகத்தை வைத்து மனிதரை எடைபோடலாமா என்ற கேள்வி நியாயமானது. மனிதரிடம் இதற்கான வலுவான தடயம் பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகளிலிருந்து வருகிறது. நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்க, டோபமைனைப் போலவே மூளையில் செயல்படும் பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. வாழ்நாளில் சூதாடாத சிலர் இவற்றைத் தொடங்கிய பின் சூதாட்டத்தில் சிக்குகிறார்கள். சிலர் தேவையற்ற பொருட்களை வாங்கிக் குவிக்கிறார்கள், சிலர் ஓயாமல் தின்கிறார்கள். 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த, 2010இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வகை மருந்து எடுப்பவர்களில் 100க்கு 17 பேரிடம் இத்தகைய அடக்க முடியாத பழக்கம் காணப்பட்டது. எடுக்காதவர்களில் 100க்கு 7 பேரிடம். மருந்தளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பலருக்கு அது தணிந்துவிடுகிறது.

நோயாளி வெட்கத்தால் இதை மறைக்கக்கூடும். பணம் கரைவதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் துணைவரோ பிள்ளைகளோதான். கவனித்தவர்கள் உடனே நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் கடும் பதற்றமும் மனச்சோர்வும் வரக்கூடும் என்பதால், மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.